விடை சரியானால் வரைபடமும் சரியா?

மாணவன் தன் கையால் வரைந்த வரைபடத்தைத் திருத்த உட்காருகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தாளின் அடியில் அவன் கணக்கிட்டு எழுதியிருக்கும் விடையைத்தான் என்றும், அந்த விடை புத்தகம் கூறும் எண்ணை ஒட்டி நிற்குமானால் மேலே உள்ள அச்சுகளையும் புள்ளிகளையும் கோட்டையும் ஒவ்வொன்றாக நோட்டமிடுவது வீண் சிரமம் என்றும் ஓர் அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றிப்போயிருக்கிறது. குனோங் ராபாட்டின் மாலைநேர டியூஷன் வகுப்புகளிலும், ஈப்போவைச் சுற்றியுள்ள பழைய தோட்டப்புறங்களிலிருந்து பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் வீடுகளிலும் இந்த அபிப்பிராயத்தை ஆக்ஷேபிப்பாரைக் காண்பது அரிது. இதற்குத் துணையாக மூன்று சூத்திரங்களும் வாய்மொழியாக உலவுகின்றன: கோடு எல்லாப் புள்ளிகளையும் தொட்டால் உத்தமம், தொடாவிட்டால் மேலே பாதி, கீழே பாதி என்று புள்ளிகள் பிரிந்து நிற்க வேண்டும், எப்படியானாலும் கோடு ஆதிப்புள்ளி வழியே சென்றாக வேண்டும். இந்த அபிப்பிராயம் பிழையானது என்பதும், அதன் துணைச் சூத்திரங்கள் மூன்றும் அந்தப் பிழையை மறைக்கும் திரைகளே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

எதிர்த்தரப்பாரின் நியாயத்தையும் சொல்லிவிடுவது முறை. நாற்பது தாள்களை ஒரே இரவில் திருத்த வேண்டிய ஆசிரியருக்கு ஒவ்வொரு புள்ளியையும் அளந்து பார்க்க அவகாசம் ஏது என்று அவர்கள் கேட்கிறார்கள். வரைபடம் வரைவதே சரிவைக் கண்டுபிடிப்பதற்காகத்தான். சரிவு சரியாக வந்துவிட்டபின் வழியை ஆராய்வானேன் என்றும் கேட்கிறார்கள். முதற்கேள்வியில் உண்மை இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன். இரண்டாவது கேள்வியில் இருப்பது தர்க்கமன்று, தர்க்கத்தின் தோற்றமே. அதை ஒரு திருஷ்டாந்தத்தால் காட்டுவதே நேர்வழி.

நான்காம் படிவப் பௌதிகத்தை எடுத்த பிள்ளை ஒவ்வொன்றும் அறிந்த பரிசோதனை தனி ஊசல். நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, நூலின் நீளத்தை மாற்றி மாற்றி, ஒவ்வொரு நீளத்துக்கும் 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை எடுத்து, அதிலிருந்து ஓர் அலைவின் காலத்தைக் கண்டு, அதன் வர்க்கத்தை நீளத்துக்கு எதிரே குறித்தால் நேர்கோடு கிடைக்கும். 4π² என்னும் எண்ணை அக்கோட்டின் சரிவால் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம் வரும். ஒரு மாணவன் எடுத்த அளவுகள் இவ்வாறு இருப்பதாகக் கொள்வோம். நூல் 30, 40, 50, 60, 70, 80 சென்டிமீட்டராக இருந்தபோது 20 அலைவுகளுக்கு முறையே 22.7, 26.1, 29.0, 30.1, 34.1, 36.4 விநாடிகள் ஆயின. காலத்தின் வர்க்கங்கள் முறையே 1.29, 1.70, 2.10, 2.27, 2.91, 3.31.

இந்த ஆறு எண்களில் இரண்டு குறைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, 60 சென்டிமீட்டருக்கு நேரம் எடுக்கையில் மாணவன் குண்டை விட்ட கணத்திலேயே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கிவிட்டான். 'பூஜ்யம்' என்றல்லவா தொடங்கியிருக்க வேண்டும்? ஆகவே 20 என்று அவன் நிறுத்தியபோது நடந்து முடிந்தவை 19 அலைவுகளே. மற்றொன்று, நூலின் நீளத்தை முடிச்சு வரையில் மட்டும் அளந்தான். கொக்கியையும் குண்டின் ஆரத்தையும் சேர்த்தால் குண்டின் மையம் இன்னும் 2 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. வகுப்பறையில் தினமும் நிகழும் சாதாரணப் பிழைகள் இவை. வரைபடத்தின் வேலை இவற்றைப் பிடித்துத் தருவதே. வரைபடத்தைத் திருத்துகிறவரின் வேலை, அது பிடித்துத் தரும்படியாக வரையப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது.

முதலில் அச்சு. இந்த எண்களை வைத்துக்கொண்டு ஒருவன் செங்குத்து அச்சில் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றாக 1.29, 1.70, 2.10, 2.27, 2.91, 3.31 என்று அட்டவணையில் உள்ள எண்களையே சம இடைவெளியில் எழுதிவிடுகிறான். அளவுத்திட்டம் என்றால் என்னவென்று விளங்காத பிள்ளைகள் செய்வது இதுதான். கிடை அச்சில் நீளங்கள் சம இடைவெளியில் இருக்கின்றன. செங்குத்து அச்சிலும் எண்கள் சம இடைவெளியில் இருக்கின்றன. ஆகையால் ஆறு புள்ளிகளும் நூல் பிடித்தாற்போல ஒரே நேர்கோட்டில் விழுந்தே தீரும். ஊசலின் எண்களுக்குப் பதிலாக அரிசி விலையையோ மழை அளவையோ ஏறுவரிசையில் எழுதியிருந்தாலும் அப்படியே விழும். எண்ணத் தவறிய அலைவு எங்கே போயிற்று? மாயமாய் மறைந்துவிட்டது. இனி அவன் முதற்புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் எடுத்துச் சரிவு காண்கிறான்: 2.02 விநாடி வர்க்கத்தை 0.50 மீட்டரால் வகுக்க 4.04, முடுக்கம் 9.77. விடையைப் பார்த்துத் திருத்துகிறவர் இதற்கு முழு மதிப்பெண் கொடுப்பார். கோடு எல்லாப் புள்ளிகளையும் தொடுகிறதே என்று மெச்சவும் செய்வார். வரைபடமே அல்லாத ஒன்று சிறந்த வரைபடம் என்று பெயர் வாங்கிக்கொண்டு போகிறது.

இதைக் கண்டுபிடிக்க அரை நிமிஷம் போதும். தாளைக் கையில் எடுத்தவுடன் அச்சின் எண்களை மட்டும் கீழிருந்து மேலாகப் படித்து, அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை மனத்தில் கணக்கிட வேண்டும். 0.41, 0.40, 0.17, 0.64, 0.40 என்று அது தாறுமாறாக ஓடினால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நம் பள்ளிகளில் புழங்கும் வரைபடத்தாளில் இரண்டு சென்டிமீட்டர்ப் பெருங்கட்டமும் அதனுள் பக்கத்துக்குப் பத்தாக இரண்டு மில்லிமீட்டர்ச் சிறுகட்டங்களும் உண்டு. அதில் பெருங்கட்டத்துக்கு 1, 2, 5 அல்லது அவற்றின் பத்து மடங்கு, பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் இடைப்பட்ட எண்களைக் கண்ணால் படிக்க முடியும். 3 என்றும் 7 என்றும் வைத்தால், சீராகவே இருந்தாலும், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வகுத்தல் கணக்குப் போட வேண்டி வந்து பிழைக்குக் கதவு திறந்துவிடும். நம் ஊசலுக்குக் கிடை அச்சில் பெருங்கட்டத்துக்கு 10 சென்டிமீட்டரும் செங்குத்து அச்சில் 0.5 விநாடி வர்க்கமும் வைத்தால் வரைபடம் 16 சென்டிமீட்டர் அகலமும் 13 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான உயரமும் கொண்டு தாளின் பெரும்பகுதியை நிரப்பும். அச்சின் தொடக்கத்தையும் பார்க்க வேண்டும். வெட்டுத்துண்டு தேவைப்படாத இடத்தில் அச்சு பூஜ்யத்தில் தொடங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் மூலையில் 0 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்திலேயே 30 என்று தாண்டுவதும், 20-இல் தொடங்கிய அச்சின் இடது ஓரத்தில் கோடு வெட்டும் 0.89 என்னும் இடத்தை வெட்டுத்துண்டு என்று எழுதுவதும் மன்னிக்கத் தக்க பிழைகளல்ல.

அடுத்தது புள்ளி. அட்டவணையை அருகில் வைத்துக்கொண்டு, 'இங்கே 1.29 இருக்க வேண்டும், ஆமாம், இருக்கிறது' என்று தலையசைத்துக்கொண்டே போகிறவர் எதையும் சரிபார்க்கவில்லை. எதிர்பார்த்ததை எதிர்பார்த்த இடத்தில் கண்ணுக்குக் காட்டி இணங்க வைக்கிறார், அவ்வளவே. அட்டவணையை மூடிவிட்டு, தாளில் உள்ள புள்ளியை அச்சுகளிலிருந்து தாமே படித்து ஓரத்தில் எழுதி, பிறகே அட்டவணையைத் திறந்து ஒப்பிட வேண்டும். பெருங்கட்டத்துக்கு 0.5 என்ற அளவுத்திட்டத்தில் ஒரு சிறுகட்டத்தின் மதிப்பு 0.05. இதை மறந்து சிறுகட்டம் என்றாலே 0.1 என்று பழகிய மாணவன், 1.29-ஐ 1.0 கோட்டுக்கு மேல் 5.8 சிறுகட்டத்தில் வைப்பதற்குப் பதிலாக 2.9 சிறுகட்டத்தில் வைத்துவிடுவான். தாளைப் படித்தால் அது 1.145 என்று வரும். பிழை அரைச்சிறுகட்டத்துக்குள், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள், இருந்தால் பொறுக்கலாம். அதற்கு மேற்பட்டால் பொறுக்கலாகாது. குறியும் அதற்கேற்பக் கூர்மையாக இருக்க வேண்டும்: சீவிய பென்சிலால் இட்ட சிறு பெருக்கற்குறியின் நடுவைப் படிக்கலாம், பருத்த பொட்டின் நடுவை யாராலும் படிக்க முடியாது.

மூன்றாவது, கோடு. விவாதத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

அச்சும் புள்ளிகளும் சரியாக அமைந்த தாளில் ஐந்து புள்ளிகள் ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்க, 60 சென்டிமீட்டருக்கு உரிய ஆறாவது புள்ளி மட்டும் அவ்வரிசைக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு கீழே தனித்துக் கிடக்கும். எல்லாப் புள்ளிகளையும் தொட வேண்டும் என்ற சூத்திரத்தை நம்புகிறவன் அங்கே கோட்டை வளைத்துக் குழிபறித்து மேலேறுவான்; அது கோடாகாது, புள்ளிகளை இணைத்த வேலி. கருணையுள்ள இன்னொருவன் ஆறு புள்ளிகளுக்கும் சமநியாயம் செய்ய நினைத்து, கணக்குப்பொறியே கொடுக்கும் குறைந்த வர்க்கக் கோட்டைப் போடுவான். 1805-ஆம் ஆண்டு லெஜாந்தர் வெளியிட்ட முறை அது, முறையில் குற்றமில்லை. ஆயினும் அந்தக் கோடு ஐந்து நல்ல புள்ளிகளுக்கும் கீழே, தவறிய ஒன்றுக்கு மேலே ஓடுகிறது, முடுக்கம் 9.94 என்று வருகிறது. ஐந்துக்கு எதிரே ஒன்று நின்று கோட்டை இழுக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். பொறிக்குத் தெரியாது, ஏனெனில் அதற்கு எல்லா எண்ணும் ஒன்றே.

தனித்து நிற்கும் புள்ளியை என்ன செய்வது? அழிப்பது குற்றம், கோட்டில் சேர்ப்பதும் தவறு. வட்டமிட்டு நிறுத்தி, காரணத்தைத் தேட வேண்டும். முடிந்தால் அந்த அளவை மறுபடி எடுக்க வேண்டும். இங்கே காரணம் தாளிலேயே கிடைக்கிறது. கோடு 60-க்குச் சொல்லும் மதிப்பு 2.50, புள்ளி சொல்வது 2.27, முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.10. 20-ஐ 19-ஆல் வகுத்து வர்க்கம் கண்டால் 1.11. இரண்டும் இவ்வளவு நெருங்கி நிற்பதே ஓர் அலைவு எண்ணிக்கையில் விடுபட்டிருக்கிறது என்ற அனுமானத்துக்குப் போதிய பிரமாணம்.

இனி ஆதிப்புள்ளிச் சூத்திரம். நீளம் பூஜ்யமானால் காலமும் பூஜ்யம், ஆகவே கோடு ஆதிப்புள்ளி வழியே போகவேண்டும் என்பது சித்தாந்தம். சித்தாந்தத்தில் வரும் நீளமோ குண்டின் மையம் வரையுள்ள நீளம். மாணவன் அளந்ததோ முடிச்சு வரை. ஐந்து நல்ல புள்ளிகளுக்கும் ஆதிப்புள்ளிக்கும் பொதுவாக ஒரு கோட்டைக் கட்டாயப்படுத்திப் போட்டால் சரிவு 4.17 ஆகி, முடுக்கம் 9.46 என்று சரிந்துவிடுகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே மூன்று புள்ளிகள், கீழே இரண்டு. பாதிக்குப் பாதி என்ற சூத்திரம் திருப்தி அடைந்துவிட்டது! ஆனால் மேலே நிற்கும் மூன்றும் இடப்புறம், கீழே நிற்கும் இரண்டும் வலப்புறம். இடக்கோடியில் மேலே விலகியது படிப்படியாகக் குறைந்து, கோட்டைக் கடந்து, வலக்கோடியில் கீழே விலகுகிறது. எத்தனை புள்ளி எந்தப் பக்கம் என்று எண்ணுகிறவருக்கு இது தெரியாது. எந்த வரிசையில் எந்தப் பக்கம் என்று பார்ப்பவருக்கே தெரியும். நல்ல கோட்டின் இருபுறமும் புள்ளிகள் ஒழுங்கின்றி மாறி மாறிச் சிதறி நிற்கும். ஒழுங்காக அணிவகுத்து விலகினால் கோட்டின் சரிவோ, நேர்கோடு என்ற எண்ணமேயோ தவறு.

கட்டாயமில்லாமல் ஐந்து புள்ளிகளின் ஊடே கண்ணாடி அடிக்கோலை வைத்து வரைந்தால் சரிவு 4.04, முடுக்கம் 9.77, கோடு செங்குத்து அச்சை ஆதிக்கு மேல் ஏறக்குறைய 0.08-இல், அதாவது ஒன்றரைச் சிறுகட்ட உயரத்தில், வெட்டுகிறது. இந்த வெட்டுத்துண்டு களங்கமன்று, சாட்சி. 0.08-ஐ 4.04-ஆல் வகுத்தால் 0.02 மீட்டர்: முடிச்சுக்கும் குண்டின் மையத்துக்கும் இடையே விடுபட்ட அந்த 2 சென்டிமீட்டர். அளவுகோலைத் தப்பாகப் பிடித்ததை வரைபடமே அளந்து சொல்லுகிறது; ஆதிப்புள்ளிக்குக் கோட்டை இழுத்தவன் அந்தச் சாட்சியின் வாயைக் கட்டிவிட்டான்.

ஆக, கெட்டிக்கார மாணவன் ஒருவன் என்ன செய்வான்? விடை 9.8 வரவேண்டும் என்று அவனுக்குத் தெரியும். கோடு ஆதிப்புள்ளியில் தொடங்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அடிக்கோலை ஆதியில் ஊன்றி, சரிவு 4.03 ஆகும் வரை திருப்பி, கோட்டைப் போட்டுவிடுகிறான். ஐந்து நல்ல புள்ளிகளும் மூன்று மில்லிமீட்டர் மேலே மிதக்கின்றன. தவறிய புள்ளி மட்டும் கீழே. வரையத் தகுந்த கோடுகளிலெல்லாம் மோசமானது இது, விடையோ 9.80, எல்லாரினும் மேலானது. தோட்டத்தில் பால் நிறுக்கும் கிராணி தராசு காட்டியதை விட்டு, துரை எதிர்பார்த்ததைக் கணக்கில் எழுதினால் அந்தப் புத்தகத்துக்கு என்ன மரியாதையோ அதுவே இந்த வரைபடத்துக்கும். விடையை முதலில் பார்க்கும் திருத்தம், நேர்மையான 9.46-ஐத் தண்டித்து, ஜோடித்த 9.80-க்குப் பரிசளிக்கிறது, வகுப்பு அதைப் பார்த்துப் பாடம் கற்றுக்கொள்கிறது.

புத்தகத்து எண்ணின் மீதுள்ள பக்திக்கும் ஒரு வார்த்தை. 9.81 என்பது நடு அட்சரேகைகளை ஒட்டிய மதிப்பு. வட அட்சம் 5 பாகைக்குள் அடங்கும் ஈப்போவில் அது ஏறக்குறைய 9.78. பள்ளி ஊசலால் இந்த வித்தியாசத்தைக் காண முடியாது என்பது மெய்யே. ஆனால் 1672-இல் பிரெஞ்சுக்காரர் ழான் ரிஷே, ஏறக்குறைய நம் அட்சத்திலேயே உள்ள தென்னமெரிக்காவின் கயேனுக்குச் சென்று, பாரிஸில் சரியாக ஓடிய ஊசற்கடிகாரம் அங்கே நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிஷம் பின்தங்குவதைக் கண்டார். ஊசலை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருக்கினால்தான் விநாடி சரியாயிற்று. பாரிஸின் விடையே சரி, என் அளவில்தான் கோளாறு என்று அவர் எண்ணைத் திருத்தியிருந்தால், பூமத்தியரேகையருகே ஈர்ப்பு குறைவு என்னும் உண்மை அப்போது வெளிப்பட்டிராது. 1687-இல் நியூட்டன் தம் நூலில் பூமியின் வடிவத்தைப் பற்றி வாதிட்டபோது அந்த அளவு அவர் கைக்குக் கிட்டியிராது.

கடைசியாக அவகாசத்தைப் பற்றிய கேள்வி. ஆறு புள்ளிகளையும் அளக்க நேரமில்லையென்றால் இரண்டை அளந்தால் போதும்: கோட்டிலிருந்து அதிகம் விலகி நிற்பது ஒன்று, சந்தேகத்துக்கிடமின்றி கோட்டின் மேலேயே அமர்ந்திருப்பது மற்றொன்று. முன்னதில் குறித்த பிழையும், பின்னதில் கோட்டுக்காக நகர்த்திய பிழையும் அகப்படும். சரிவுக்காக வரைந்த முக்கோணத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம். அதன் முனைகள் கோட்டின் மேல் எடுத்த புள்ளிகளாக இருக்க வேண்டும், அட்டவணையிலிருந்து எடுத்தவையாக இருக்கலாகாது. அதன் உயரமும் வரைந்த கோட்டில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். நம் அளவுத்திட்டத்தில் ஒரு மில்லிமீட்டர்ப் பிழை 0.025, உயரம் 0.4 ஆன குட்டி முக்கோணத்தில் அது நூற்றுக்கு ஆறு, 2.4 ஆன பெரிய முக்கோணத்தில் நூற்றுக்கு ஒன்று. அச்சின் எண்கள், இரண்டு புள்ளிகள், விலகல்களின் வரிசை, முக்கோணம் என்று இவ்வளவும் பழகிய கண்ணுக்கு இரண்டு நிமிஷ வேலை. எஸ்.பி.எம். பௌதிகத்தின் செய்முறைக் கேள்விகளிலும் அச்சு, அளவுத்திட்டம், புள்ளிகள், கோடு ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் வைத்திருப்பதன் நியாயமும் இதுவே.

ஆகவே ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளின் தாள்களை இரவில் புரட்டிப் பார்க்கும் பெற்றோர்களுக்கும் ஒரே வேண்டுகோள். விடை எழுதியிருக்கும் அடிப்பகுதியை மடித்துவிட்டுத் திருத்தத் தொடங்குங்கள். அச்சும் புள்ளியும் கோடும் தேறிய பிறகே மடிப்பைப் பிரியுங்கள். அப்போது விடை 9.46 ஆக இருந்தாலும் அதன் காரணத்தை உங்களால் சொல்ல முடியும், 9.80 ஆக இருந்தால் அது சம்பாதித்ததா, ஜோடித்ததா என்பதையும் சொல்ல முடியும்.